“4 நாளில் பத்திரிகை” என்று போட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க: அச்சகத்துக்கு ஒரு கேப்ஷன் எழுதும் முறை

2026 ஜனவரி 24, சனிக்கிழமை காலை கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நின்றார். கையில் போன். அதில் எங்கள் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். “அண்ணே, நீங்கதானே போட்டிருந்தீங்க, 4 நாள்ல பத்திரிகை கையிலன்னு? செவ்வாய்க்கிழமை மேட்டர் குடுத்தேன். இன்னிக்கு சனி. கார்டு எங்கே?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருடைய மேட்டர் இரண்டாவது ப்ரூஃபில் நின்றுகொண்டிருந்தது. பெண் வீட்டுப் பெரியவர் ஊரில் இருக்கிறார், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அவர்களே நிறுத்தி வைத்தது. எங்கள் கணக்கில் 4 நாள் இன்னும் தொடங்கவே இல்லை. அவர் கணக்கில் அது முடிந்துவிட்டது. இந்த இரண்டு கணக்கில் எது சரி என்று எங்கள் கேப்ஷன் எங்கேயும் சொல்லவில்லை. அன்றைக்கு அதைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பேனரும் அடிக்கிற சின்ன அச்சகத்துக்கு இது போதும்.

முதலில் பில் புக்கை எடுங்கள்

கேப்ஷனில் போடும் நாள் கணக்கு தலையிலிருந்து வரக்கூடாது, பில் புக்கிலிருந்து வரவேண்டும். கடைசியாக அடித்த பத்துப் பத்திரிகை ஆர்டரை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதி எழுதுங்கள்: மேட்டர் வந்த நாள், ப்ரூஃபுக்குச் சரி சொன்ன நாள், கார்டு கட்டுக் கொடுத்த நாள். மேட்டரிலிருந்து ‘சரி’ வரைக்கும் உள்ள நாட்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. ஒருவர் அன்றே சொல்லியிருப்பார், இன்னொருவர் பத்து நாள் இழுத்திருப்பார். ‘சரி’யிலிருந்து கட்டு வரைக்கும் உள்ள நாட்கள் மட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அந்த இரண்டாவது பகுதிதான் உங்கள் கையில் இருப்பது. அதற்கு மட்டும்தான் வாக்குக் கொடுக்க முடியும்.

எங்களுக்கு அது 4 வேலை நாள். ரெடிமேட் கார்டில் ஆப்செட்டில் மேட்டர் அடித்து, மேலே பெயரைத் தங்க ஃபாயிலில் போடுகிற வழக்கமான 400, 500 கார்டு ஆர்டருக்கு. முதல் நாள் பிளேட் போட்டு, கார்டை எண்ணி எடுத்து வைப்போம். இரண்டாம் நாள் அச்சு. மூன்றாம் நாள் காய விட்டு ஃபாயில். நான்காம் நாள் மடித்து, உள்தாள் செருகி, கவரோடு எண்ணிக் கட்டுவது.

இதில் சுருக்க முடியாதது மை காய்கிற நேரம். ஈரம் இருக்கும்போதே அடுக்கினால் ஒரு கார்டின் எழுத்து அடுத்த கார்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான கார்டாக இருந்தால் இன்னும் மோசம். அவசரமாகக் கொடுத்த கட்டில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க, மேலே உள்ள கார்டைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை; நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாரம் நடுவிலும் அடியிலும்தானே விழுகிறது.

பத்து ஆர்டரில் இரண்டு 5 நாள் ஆகியிருந்தால், கேப்ஷனில் 5 என்றே போடுங்கள். மாதாந்திர மின்தடை ஒரு நாளைத் தின்றுவிடும் ஊரில் 3 என்று போடுவது வீண் வம்பு.

பத்திரிகையையும் பேனரையும் ஒரே வரியில் போடாதீர்கள்

பழைய கேப்ஷனில் “கல்யாணப் பத்திரிகை, பேனர் உடனடி டெலிவரி” என்று இருந்தது. இரண்டுக்கும் வேகம் வேறு. 10 அடிக்கு 8 அடி பேனர் என்றால் 80 சதுர அடி. ஃபைல் சரியாக இருந்தால் மிஷினில் ஓட்டி, உலர விட்டு, ஓரம் மடித்து, ஐலெட் அடித்து அன்று மாலையே சுருட்டிக் கொடுத்துவிடலாம். பத்திரிகைக்கு அந்தப் பேச்சே இல்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், படிப்பவர் வேகமானதைப் பிடித்துக்கொண்டு மெதுவானதற்கும் அதையே எதிர்பார்ப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் படிப்பேன். ஆளுக்கொரு வரி, ஆளுக்கொரு நேரம்.

பேனருக்கு இன்னொன்று. அதில் தாமதம் பெரும்பாலும் மிஷினால் வருவதில்லை, போட்டோவால் வருகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி வரும். பேனரில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் படத்தை 4 அடி அகலத்துக்கு வைத்தால் அது 48 அங்குலம். 1600-ஐ 48-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 33 புள்ளிதான் தேறும். அதில் பாதி பின்னணியாகப் போய்விட்டால் முகத்துக்குக் கிடைப்பது இன்னும் சொற்பம். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது. மண்டப வாசலில் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், அங்கே மூக்கும் கண்ணும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் “போட்டோவை டாக்குமென்டாக அனுப்புங்கள்” என்ற மூன்று வார்த்தை கேப்ஷனிலேயே இருக்கட்டும். இதைச் சேர்த்த பிறகு “வேற போட்டோ இருக்கா” என்று நாங்கள் கேட்டு அலைவது பாதியாகக் குறைந்தது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

கேப்ஷனின் உயிர் இந்த ஒரு வாக்கியத்தில்தான். எங்கள் பழைய வாக்கியம்: “4 நாளில் பத்திரிகை உங்கள் கையில்.” புதியது: “ப்ரூஃப் பார்த்து நீங்கள் சரி சொன்ன மறுநாளிலிருந்து 4 வேலை நாளில் பத்திரிகை.” நாளும் ஒப்புதலும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கவேண்டும். தனித்தனியாக, மேலே “4 நாள்” என்றும் கீழே சின்னதாக “ப்ரூஃப் ஒப்புதலுக்குப் பின்” என்றும் போட்டால், ஸ்கிரீன்ஷாட்டில் மேல் வரி மட்டும்தான் வரும்.

அந்தச் சனிக்கிழமை வந்தவருடைய ஆர்டரையே இதில் வைத்துப் பார்க்கலாம். 400 கார்டு, 2 பேனர். கல்யாணம் பிப்ரவரி 20, வெள்ளி. மேட்டர் கொடுத்தது ஜனவரி 20, செவ்வாய் மாலை. முதல் ப்ரூஃப் 21, புதன் மாலை போனது. திருத்தம் 23, வெள்ளி வந்தது. அன்றிரவே இரண்டாம் ப்ரூஃப் அனுப்பினோம். சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். பெண் வீட்டுப் பெரியவர் பார்த்து, இறுதியாகச் சரி என்று செய்தி வந்தது 25, ஞாயிறு இரவு 9 மணிக்கு. மறுநாள் திங்கள், ஜனவரி 26, குடியரசு தினம், கடை விடுமுறை. ஆக முதல் வேலை நாள் 27, செவ்வாய். நான்காவது நாள் 30, வெள்ளி. அன்று மாலை கார்டு கொடுத்தோம்.

மேட்டர் கொடுத்ததிலிருந்து எண்ணினால் 10 நாள். எங்கள் வேலை 4 நாள். நடுவில் உள்ள 6 நாளில் ஒரு நாள் ப்ரூஃப் தயாரிக்க எங்களுக்குப் போனது, ஒன்று விடுமுறை, மற்றதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போனது. யார் மேலும் குற்றம் இல்லை, கல்யாண வீடு அப்படித்தான். ஆனால் புது வாக்கியம் இருந்திருந்தால் அவர் சனிக்கிழமை காலை என்னிடம் வந்திருக்க மாட்டார். சம்பந்திக்குப் போன் போட்டிருப்பார்.

இந்தக் கணக்கிலிருந்து கேப்ஷனுக்குள் போகவேண்டிய சின்னச் சொற்கள் மூன்று. “வேலை நாள்” என்பது ஒன்று. ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது என்பது அதிலேயே அடங்கிவிடும். “மறுநாளிலிருந்து” என்பது இரண்டாவது. இரவு 9 மணிக்குச் சரி சொல்லிவிட்டு அன்றைய நாளையும் எண்ணுபவர்கள் உண்டு. மூன்றாவது, முதல் ப்ரூஃப் எத்தனை நாளில் வரும் என்பது. அது நம் பொறுப்பு, அதை மறைக்கக்கூடாது. “மேட்டர் தந்த மறுநாள் ப்ரூஃப்” என்று போட்டுவிடுங்கள். பேனருக்குச் சரி சொல்லும் நேரத்துக்கு ஒரு எல்லை வேண்டும்: காலை 11 மணிக்குள் சரி என்றால் அன்று மாலை, அதற்குப் பிறகு என்றால் மறுநாள்.

அட்வான்ஸ் வாங்கித்தான் பிளேட் போடுவீர்கள் என்றால் அதையும் அந்த வாக்கியத்திலேயே சேர்க்கலாம். எங்கள் கடையில் ப்ரூஃபுக்கு முன்பே வாங்கிவிடுவதால் நான் சேர்க்கவில்லை.

‘சரி’ என்றால் என்ன என்று எழுதுவது

ப்ரூஃப் பற்றிக் கேப்ஷனில் ஒரு வரிக்கு மேல் எழுத இடம் இருக்காது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடைமுறை வைத்திருக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். இல்லாத நடைமுறையை எழுதினால் இரண்டாவது ஆர்டரிலேயே குட்டு வெளிப்படும்.

யார் சரி சொல்லவேண்டும் என்பது முதல் கேள்வி. ஒருமுறை ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அடித்துவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, அதை அனுப்பியது மாப்பிள்ளையின் தம்பி. “பாத்துட்டேன்” என்ற அர்த்தத்தில் தட்டிவிட்டிருக்கிறான். அன்றிலிருந்து கட்டைவிரலை நாங்கள் ஒப்புதலாக எடுப்பதில்லை. ஆர்டர் கொடுத்தவரே, அதே எண்ணிலிருந்து, “பெயர், தேதி, மண்டபம் பார்த்தோம், அச்சடிக்கலாம்” என்று எழுத்தில் அனுப்பவேண்டும். அதை நாமே தட்டச்சு செய்து கொடுத்து, அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னால் யாரும் சிரமப்படுவதில்லை.

எத்தனை முறை திருத்தலாம் என்பது அடுத்தது. எங்கள் கணக்கு, இரண்டு முறை இலவசம். மூன்றாவதிலிருந்து டிசைன் சார்ஜ். எழுத்துப் பிழை எங்களுடையது என்றால் எத்தனை முறை ஆனாலும் காசு இல்லை. இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் “2 திருத்தம் மட்டும்” என்று போட்டால் கறாராகத் தெரியும். சொல்லிவிட்டால் நியாயமாகத் தெரியும்.

மூன்றாவது, சரி சொன்ன பிறகு மாற்றினால் என்ன. பிளேட் போட்டாயிற்று என்றால் புதுப் பிளேட், புது நாள் கணக்கு. சில கடைகளில் “பிழைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று போடுகிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. நம் பிழைக்கும் நாம் பொறுப்பில்லை என்பதுபோல ஒலிக்கிறது. “நீங்கள் சரி சொன்ன ப்ரூஃபைத்தான் அப்படியே அச்சடிப்போம்” என்றால் அதே விஷயம்தான், ஆனால் முகத்தில் அடிக்காது.

ப்ரூஃபோடு கூடவே போகும் செய்தியில் என்னென்ன பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். வெறுமனே “செக் பண்ணுங்க” என்றால் அவர்கள் பார்ப்பது பிள்ளையார் படத்தையும் பார்டரையும்தான். பிழை உட்கார்ந்திருக்கும் இடங்கள் எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிப்ரவரி 20 வெள்ளி. மேட்டரில் வியாழன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், எங்கள் பையனும் அதையே அடித்திருந்தான். தமிழ்த் தேதியை நீங்களாகப் போடவேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மாதங்களில் மாதப் பிறப்பே ஒரு நாள் தள்ளி வரும். அவர்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்களோ அதிலிருந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது இனிஷியலும் உறவும். பெரும்பாலும் அதே குடும்பத்தின் பழைய பத்திரிகையைக் கொடுத்து “இதே மாதிரி” என்பார்கள், நாமும் பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே அடிப்போம். அக்கா கல்யாணத்தில் உயிரோடு இருந்த தாத்தா, தம்பி கல்யாணத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். ‘அமரர்’ சேராமல் போய்விடும். வேறு வீட்டு ஃபைல் மேல் அடித்தால் இதற்குத் தலைகீழ், உயிரோடு இருப்பவர் அமரராகிவிடுவார். இந்தப் பிழை வந்த கார்டை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்க முடியாது. மொத்தமாகத் திரும்ப அடிக்கவேண்டியதுதான்.

எழுத்துரு பிரச்சினை நம் தரப்பில் உள்ளது. வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு மேட்டரைக் கன்வெர்ட்டரில் போட்டு நம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’ கட்டமாக வரும், ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறும். ‘ஸ்ரீ’ இல்லாத பத்திரிகை ஏது? ப்ரூஃப் அனுப்புவதற்கு முன் இந்த எழுத்துகளை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். வாடிக்கையாளருக்குப் போவது எழுத்தையெல்லாம் கர்வ் செய்து, அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவமாக மாற்றி, அதன் பிறகு எடுத்த பிடிஎஃப் ஆக இருக்கட்டும். சரி சொன்ன பிறகு கர்வ் செய்தால், அவர் பார்த்தது ஒன்று, மிஷினுக்குப் போவது ஒன்று.

போனில் தெரியும் நிறம்

திரை ஒளியில் காட்டுகிறது, நாம் மையில் அடிக்கிறோம். போனில் பளபளக்கும் ராணி கலர் கார்டில் கொஞ்சம் மங்கித்தான் விழும். ஃபாயிலோ ப்ரூஃபில் மஞ்சளும் பழுப்புமாகத்தான் தெரியும். “தங்கம்னு சொன்னீங்க, இது என்ன மஞ்சளா இருக்கு” என்று கேட்காதவர் இல்லை. அதனால் வாட்ஸ்அப் ப்ரூஃப் எழுத்தைச் சரிபார்க்க, நிறத்துக்கு மாதிரிக் கார்டைக் கடையில் வந்து பார்க்கவேண்டும் என்று பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. கேப்ஷனில் இதற்கு அரை வரி போதும்.

இப்போது எழுதலாம்

முதல் இரண்டு வரிதான் மடிக்காமல் தெரியும், மீதி ‘மேலும்’ என்பதற்குள் போய்விடும். ஆகவே என்ன அடிக்கிறோம், எத்தனை நாள், எப்போதிலிருந்து என்பது முதல் இரண்டு வரிக்குள் முடியவேண்டும். “மங்களகரமான தருணங்களை வண்ணமயமாக்க” என்பதெல்லாம் அந்த இடத்தைத் தின்பதற்குத்தான் உதவும். எங்கள் கேப்ஷன் கடைசியில் நின்றது இப்படி:

> கல்யாணப் பத்திரிகை: ப்ரூஃப் பார்த்து நீங்கள் சரி சொன்ன மறுநாளிலிருந்து 4 வேலை நாளில்.
> பேனர்: காலை 11 மணிக்குள் சரி சொன்னால் அன்று மாலை.
>
> மேட்டர் தந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் வரும். 2 முறை திருத்தம் இலவசம். எங்கள் எழுத்துப் பிழைக்கு எப்போதும் காசு இல்லை. நீங்கள் எழுத்தில் சரி சொன்ன ப்ரூஃபைத்தான் அப்படியே அச்சடிப்போம்.
>
> நிறமும் தங்க ஃபாயிலும் கடையில் மாதிரி பார்த்து முடிவு செய்யுங்கள். பேனர் போட்டோவை டாக்குமென்டாக அனுப்புங்கள்.
>
> ஞாயிறு விடுமுறை. கடை முகவரி, எண்.

விலை போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பேனருக்குச் சதுர அடி விலை போடலாம், தப்பில்லை. பத்திரிகைக்குப் போட்டால் கார்டு மாடல், எண்ணிக்கை, எத்தனை கலர் என்று மாறிக்கொண்டே போகும். “7 ரூபாய் முதல்” என்று போட்டால் எல்லாரும் 7 ரூபாயைத்தான் கேட்பார்கள்.

எழுதி முடித்ததும் அச்சுத் தொழில் தெரியாத ஒருவரிடம் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “திங்கட்கிழமை மேட்டர் குடுத்து, புதன்கிழமை ராத்திரி சரின்னு சொன்னா, பத்திரிகை என்னிக்கு வரும்?” வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி மூன்று, ஞாயிறு இல்லை, திங்கள் நான்கு. திங்கள் என்று பதில் வந்தால் கேப்ஷன் தேறியது. என் வீட்டில் கேட்டபோது முதல் தடவை “ஞாயிறு” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் கடைசி வரியில் ‘ஞாயிறு விடுமுறை’ சேர்ந்தது.

மாற்றவேண்டிய காலங்கள்

ஒரே கேப்ஷனை வருடம் முழுக்க ஓட்ட முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் குறைவு, 4 நாள் தாராளம். ஆனால் ஆவணி, தை முகூர்த்தத்துக்கு அடிக்கிற வேலை அதற்கு முந்தின வாரங்களிலேயே வந்து குவியும். அப்போது 4-ஐ 6 ஆக்கிவிடுங்கள். ரெடிமேட் கார்டு கையிருப்பில் இல்லாமல் சிவகாசியிலிருந்து வரவேண்டும் என்றால் அதற்கு வேறு நாள். தீபாவளியை ஒட்டி அந்த ஊரே பட்டாசு வேலையிலும், அடுத்து காலண்டர் வேலையிலும் இருக்கும். அதனால் “கையிருப்பில் உள்ள மாடலுக்கு” என்று மூன்று வார்த்தை அந்த மாதங்களில் சேர்ப்போம்.

பேனர் வரிக்கும் ஒரு எல்லை உண்டு. மண்டபத்துக்குள் வைப்பது வேறு, ரோட்டோரம் வைப்பது வேறு. பொது இடத்தில் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், அனுமதி விவரம் பேனரிலேயே இருக்கவேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அவர் அடிபட்டு இறந்தார். அதன் பிறகு பேனர் வைத்தவர்களோடு நிற்காமல், அதை அச்சடித்த கடைக்கும் மாநகராட்சி சீல் வைத்தது. ஆகவே ரோட்டோரப் பேனர் என்றால் நாங்கள் அனுமதிக் கடிதத்தை மேட்டரோடு கேட்கிறோம். அது வரும்வரை ‘அன்று மாலை’ என்ற வாக்கு ஓடாது. மேலே உள்ள கேப்ஷனோடு தனி வரியாக இதையும் பிறகு சேர்த்திருக்கிறோம்: “சாலையோர பேனருக்கு அனுமதி எண் தந்த பிறகே அச்சு.”

சனிக்கிழமை வந்தவர் 30-ம் தேதி மாலை கார்டுக் கட்டை வாங்கும்போது புது ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். “இதை முன்னாடியே போட்டிருக்கலாம்ல” என்றார். பேனருக்குப் போட்டோ டாக்குமென்டாக வந்துவிட்டது.